பழச்சாற்றின் கலங்கல்: சென்ட்ரிஃபியூஜ் எங்கே நிற்கிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது

"பழச்சாற்றைத் தெளிவாக்கும் முறைகளை விளக்குக" என்று யூனிட் ஆபரேஷன்ஸ் தேர்வில் கேட்டால், பல விடைத்தாள்களில் மூன்று தலைப்புகள் வரிசையாக இருக்கும்: தெளிவாக்கல், சென்ட்ரிஃபியூஜ், சவ்வு வடிகட்டல். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்பது போல மூன்றுக்கும் தனித்தனியே நன்மை, தீமை எழுதப்பட்டிருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தெளிவாக்கல் என்பது நமக்கு வேண்டிய முடிவு. சென்ட்ரிஃபியூஜும் சவ்வும் அதற்கான கருவிகள். இந்த இரண்டு கருவிகளும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன் சாற்றில் ஒரு வேதிமாற்றம் நடந்திருக்க வேண்டும். விடைத்தாளில் "என்சைம் சேர்க்கப்படும்" என்ற ஒரே வரியில் கடந்து போவது அதைத்தான்.

எல்லாப் பழங்களையும் ஒன்றாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஆகவே ஆப்பிள் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெளிந்த சாறாகவும் அதிலிருந்து கான்சென்ட்ரேட்டாகவும் பெருமளவில் விற்கப்படும் பழம் அது. பாடப்புத்தகக் கணக்குகளும் பெரும்பாலும் அதை வைத்தே வருகின்றன.

## கழுநீரில் தெரியும் இரண்டு விஷயங்கள்

அரிசி களைந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். தவறி விழுந்த அரிசி உடனே அடியில் போய் உட்காரும். மாவு மெதுவாகப் படியும். அப்படியும் மேலே நிற்கும் தண்ணீர் வெகுநேரம் வெளுப்பாகவே இருக்கும். மூன்றும் ஒரே தண்ணீரில்தான் கிடக்கின்றன. துகள் சிறிதாகச் சிறிதாகப் படியும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

அதே கழுநீரை ஒரு துணியில் ஊற்றினால், முதலில் கடகடவென்று இறங்கும். கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாக வரும். துணியின் கண்கள் சுருங்கிவிடவில்லை. அதன்மேல் மாவு படிந்துவிட்டது. அப்புறம் தண்ணீரை நிறுத்தி வைப்பது துணியல்ல, துணிமேல் இருக்கும் மாவு.

படிய விடுவதன் வேகமான வடிவம் சென்ட்ரிஃபியூஜ். துணியின் நுண்ணிய வடிவம் சவ்வு. இதற்குமேல் உவமை உதவாது. சாற்றுக்குள் என்ன மிதக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## ஆப்பிள் சாறு ஏன் கலங்கியே இருக்கிறது

அரைத்துப் பிழிந்த ஆப்பிள் சாற்றில் மூன்று வகைச் சரக்கு உண்டு. முதலாவது, முழுதாகக் கரைந்தவை: சர்க்கரைகள், மாலிக் அமிலம், தாது உப்புகள், மணப்பொருட்கள். இவை மிகச் சிறிய மூலக்கூறுகள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180 டால்டன், சுக்ரோஸுக்கு 342. (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு.) இவை சாற்றில் இருந்தாக வேண்டும், இவைதான் சாறு.

இரண்டாவது, பழத்தசையின் துணுக்குகள். இவை பெரியவை, படியக்கூடியவை, கவலை இல்லை.

மூன்றாவதுதான் பிரச்சினை. ஏறத்தாழ 0.1 முதல் சில மைக்ரோமீட்டர் வரை அளவுள்ள நுண்துகள்கள். இவற்றின் நடுவில் புரதம். சுற்றிலும் பெக்டின் உறை. பெக்டின் என்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் நீண்ட சங்கிலிக் கார்போஹைட்ரேட். ஜாம் உறைவதற்குக் காரணமும் அதுதான். சாற்றின் பிஎச் சுமார் 3.5. அந்த அமிலத்தன்மையில் பெக்டினுக்கு எதிர்மின்சுமையும் புரதத்துக்கு நேர்மின்சுமையும் இருக்கும். புரதத்தை உள்ளே மறைத்துக்கொண்டு பெக்டின் வெளியே இருப்பதால் ஒவ்வொரு துகளும் மேற்பரப்பில் எதிர்மின்சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒட்டாத துகள் பெரிதாகாது, பெரிதாகாத துகள் படியாது.

போதாக்குறைக்கு, துகள்களில் ஒட்டாமல் சாற்றில் கரைந்திருக்கும் பெக்டின், சாற்றின் பாகுத்தன்மையை, அதாவது ஓட்டத்துக்கு எதிரான இழுவையைக் கூட்டுகிறது. ஆக பெக்டின் இரண்டு வகையில் குறுக்கே நிற்கிறது: துகள்களைச் சேரவிடாமல் தள்ளிவைக்கிறது, சாற்றையும் தடித்ததாக்குகிறது.

## ஸ்டோக்ஸ் சமன்பாடு சொல்வது என்ன

துகள் படியும் வேகத்துக்குத் தேர்வில் எழுத வேண்டிய சமன்பாடு இது:

```
v = d² (ρp − ρf) g / (18 μ)
```

`v` படிவு வேகம். `d` துகளின் விட்டம். `ρp`, `ρf` முறையே துகளின் அடர்த்தியும் சாற்றின் அடர்த்தியும். `g` புவியீர்ப்பு முடுக்கம். `μ` சாற்றின் பாகுத்தன்மை. இதை மனப்பாடம் செய்வதைவிட, `d`-க்கு மேலே வர்க்கம் இருப்பதைக் கவனித்தால் போதும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பிழிந்த சாற்றின் பாகுத்தன்மை 2 மில்லிபாஸ்கல் நொடி, அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 50 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோமீட்டர் துகளுக்கு:

```
v = (10×10⁻⁶)² × 50 × 9.81 / (18 × 0.002)
  = 1.36×10⁻⁶ m/s
```

அதாவது மணிக்கு சுமார் 5 மில்லிமீட்டர். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு இதில் நூறில் ஒரு பங்கு, மணிக்கு 0.05 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அது அடிக்குப் போய்ச் சேர 20,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேல். அதற்குள் சாறு எப்போதோ புளித்திருக்கும். இன்னும் சிறிய துகள்கள் நீர் மூலக்கூறுகளின் மோதலால் இங்குமங்கும் அலைந்துகொண்டே இருக்கும், படியவே படியாது.

வேகத்தைக் கூட்ட சமன்பாடே மூன்று வழி காட்டுகிறது: `d`-ஐப் பெரிதாக்கலாம், `μ`-ஐக் குறைக்கலாம், `g`-ஐக் கூட்டலாம். முதல் இரண்டையும் என்சைம் செய்கிறது. மூன்றாவதை சென்ட்ரிஃபியூஜ் செய்கிறது. இந்தப் பங்கீட்டை விடையில் எழுதிவிட்டால், மற்ற எல்லாம் அதன் விரிவுதான்.

## பெக்டினேஸ்: ஒரே வரியில் கடந்து போகும் முக்கியமான படி

பெக்டினேஸ் என்பது பெக்டின் சங்கிலியைத் துண்டாக்கும் என்சைம்களின் கலவை. வணிகத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து வருபவை. சாற்றை சுமார் 50 டிகிரி செல்சியஸில் வைத்து இதைச் சேர்த்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். குளிர்ந்த சாற்றிலும் வேலை செய்யும், ஆனால் பல மணி நேரம் பிடிக்கும். 60 டிகிரியைத் தாண்டவிட்டால் என்சைமே செயலிழக்க ஆரம்பித்துவிடும்.

இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நடக்கும். முதலில் கரைந்த பெக்டின் துண்டாகிப் பாகுத்தன்மை சட்டென்று இறங்கும். அடுத்து, துகள்களின் மேலுள்ள பெக்டின் உறை அங்கங்கே கிழியும். உள்ளிருக்கும் நேர்மின்சுமைப் புரதம் வெளியே தெரியும். ஒரு துகளின் நேர்மின்பகுதி பக்கத்துத் துகளின் எதிர்மின்பகுதியில் ஒட்டும். அப்படியே சேர்ந்து சேர்ந்து திரள்களாகும். கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால், பால் திரிவது போன்ற திட்டுகளும் இடையிடையே தெளிந்த சாறும் கண்ணுக்கே தெரியும்.

மறுபடியும் கணக்கைப் போடுவோம். திரளின் அளவு 30 மைக்ரோமீட்டர், பாகுத்தன்மை 1.5 என்றால், அதே அடர்த்தி வேறுபாட்டில் வேகம் மணிக்கு சுமார் 59 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தொட்டி 17 மணி நேரத்தில் தெளியும். (நிஜத்தில் திரளுக்குள் நிறையச் சாறு சிக்கியிருப்பதால் அடர்த்தி வேறுபாடு இதைவிடக் குறைவு, வேகமும் குறையும்.) இரண்டு வருடம் எங்கே, ஓர் இரவு எங்கே! இயந்திரம் எதுவும் இன்னும் சுற்றவே இல்லை.

என்சைம் வேலை முடிந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அமிலம் சேர்த்த ஆல்கஹால் இரண்டு பங்கில் ஒரு பங்கு சாற்றைக் கலந்து சில நிமிடம் வைக்க வேண்டும். பெக்டின் மிச்சமிருந்தால் அது ஆல்கஹாலில் கரையாமல் ஜெல்லி நூல்களாகப் பிரியும். ஒன்றும் வராவிட்டால் முடிந்தது. பருவத்தின் தொடக்கத்தில் பறித்த முற்றாத ஆப்பிளில் ஸ்டார்ச்சும் இருக்கும். அதற்கு அயோடின் சோதனை; நீலம் தெரிந்தால் அமைலேஸ் என்ற இன்னொரு என்சைமும் தேவை. இந்த இரண்டு சோதனைகளின் பெயரும் காரணமும் எழுதினால் மதிப்பெண் நிச்சயம். ஆனாலும் பலர் எழுதுவதில்லை.

பழைய முறையில் இதற்குப் பிறகு ஃபைனிங் என்றொரு படி உண்டு. மின்சுமையுள்ள பொருளைச் சேர்த்து மிச்சத் துகள்களைத் திரட்டிப் படியவைப்பதுதான் ஃபைனிங். ஜெலட்டினுக்கு இந்தப் பிஎச்-இல் நேர்மின்சுமை. பாலிஃபினால்கள் என்ற துவர்ப்புப் பொருட்களையும் பெக்டின் துண்டுகளையும் பிடிக்கும். பென்டோனைட் களிமண்ணுக்கு எதிர்மின்சுமை, புரதத்தைப் பிடிக்கும். அளவு முக்கியம். ஜெலட்டினை அதிகம் போட்டால் அந்த மிச்ச ஜெலட்டினே பின்னால் கலங்கலாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தொகுதிக்கும் சின்னக் குழாய்களில் சோதித்துப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள்.

இதுவரை வந்தது: கலங்கலைத் தாங்கிப் பிடிப்பது பெக்டின். அதை உடைத்தால் துகள் பெரிதாகிறது, சாறு இளகுகிறது. இனிதான் இயந்திரங்கள்.

## சென்ட்ரிஃபியூஜ்: `g`-ஐ மாற்றும் இயந்திரம்

சுழலும் கிண்ணத்துக்குள் துகளின் மேல் வேலை செய்யும் முடுக்கம் `ω²r`. இதில் `ω` சுழற்சிக் கோண வேகம், `r` மையத்திலிருந்து தூரம். ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் `g` இருந்த இடத்தில் இதைப் போட்டுவிட்டால் சென்ட்ரிஃபியூஜ் சமன்பாடு தயார். `ω²r`-ஐ `g`-ஆல் வகுத்தால் வருவது ஜி-விசை எண். இயந்திரம் புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு இழுக்கிறது என்பது.

நிமிடத்துக்கு 6,000 சுற்று, ஆரம் 0.15 மீட்டர் என்று ஓர் இயந்திரம்:

```
ω   = 2π × 6000 / 60 = 628 rad/s
ω²r = 628² × 0.15 ≈ 59,200 m/s²
59,200 / 9.81 ≈ 6,000
```

அதாவது புவியீர்ப்பைப் போல 6,000 மடங்கு. முதல் கணக்கில் மணிக்கு 0.05 மில்லிமீட்டர் நகர்ந்த 1 மைக்ரோமீட்டர் துகள் இப்போது நொடிக்கு 0.08 மில்லிமீட்டர் நகரும்.

இது போதுமா? வெறும் கிண்ணமாக இருந்தால் போதாது. சாறு இயந்திரத்துக்குள் தங்குவது சில நொடிகள்தான். அதற்குள் துகள் பல சென்டிமீட்டர் தாண்டிச் சுவரைத் தொட முடியாது. இதற்காகத்தான் டிஸ்க் சென்ட்ரிஃபியூஜில் கூம்பு வடிவத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, அரை மில்லிமீட்டர் போன்ற இடைவெளியில் அடுக்கியிருக்கிறார்கள். துகள் கிண்ணத்தின் சுவர்வரை போக வேண்டியதில்லை. பக்கத்துத் தட்டைத் தொட்டால் போதும். தொட்டதும் அதன் மேலேயே வழுக்கி வெளியோரம் போய்விடும். அரை மில்லிமீட்டரை நொடிக்கு 0.08 மில்லிமீட்டர் வேகத்தில் கடக்க 6 நொடி. நடக்கக்கூடிய காரியம். "தட்டுகள் எதற்கு?" என்ற கேள்விக்கு "பரப்பைக் கூட்ட" என்று மட்டும் எழுதுவதைவிட, "துகள் பயணிக்க வேண்டிய தூரத்தைக் குறைத்து, அதனால் படிவுப் பரப்பைக் கூட்ட" என்று எழுதுவது முழு விடை.

இப்போது 0.1 மைக்ரோமீட்டர் துகளுக்குப் பாருங்கள். மறுபடியும் நூறில் ஒரு பங்கு வேகம். 6 நொடி 600 நொடியாகிறது, பத்து நிமிடம். சாறோ சில நொடிகளில் வெளியே போய்விடுகிறது. சுழற்சி வேகத்தை இரட்டிப்பாக்கினால்கூட நான்கு மடங்குதான் லாபம். கிண்ணத்தின் உலோகம் தாங்கும் எல்லையும் இருக்கிறது. அதனால் சென்ட்ரிஃபியூஜிலிருந்து வரும் சாறு கலங்கல் குறைந்ததாக இருக்குமே தவிர, பளிச்சென்று இருக்காது. இது இயந்திரக் கோளாறு அல்ல. விட்டத்தின் வர்க்கம் அப்படித்தான் தண்டிக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. துகளின் அடர்த்தியும் சாற்றின் அடர்த்தியும் ஒன்றாக இருந்தால் எத்தனை ஆயிரம் மடங்கு இழுத்தாலும் பிரியாது. அடர்த்தி வேறுபாடு பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம். எனவே சென்ட்ரிஃபியூஜ் துகளின் அளவை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை. அளவும் அடர்த்தியும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. சவ்வோடு இதை ஒப்பிடச் சொன்னால் முதல் வரியாக எழுத வேண்டியது இதுதான்.

தசைத் துணுக்கு நிறைய உள்ள சாற்றுக்கு டிஸ்க் வகை ஒத்துவராது, தட்டிடைவெளி அடைத்துக்கொள்ளும். அதற்கு டெகான்டர் என்ற கிடைமட்ட வகை இருக்கிறது. உள்ளே திருகு ஒன்று சுற்றிப் படிந்த சக்கையைத் தொடர்ந்து தள்ளி வெளியேற்றும். ஜி-விசை குறைவு, சக்கையைத் தாங்கும் திறன் அதிகம்.

## சவ்வு: உண்மையில் வடிகட்டுவது எது

சவ்வு வடிகட்டல் என்பது அழுத்தம் கொடுத்து நுண்துளைச் சவ்வின் வழியாகச் சாற்றைத் தள்ளுவது. ஊடுருவி வருவது பெர்மியேட். அதுதான் நமக்கு வேண்டிய தெளிந்த சாறு. சவ்வுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவது ரிடென்டேட்.

துளை அளவை வைத்து நான்கு வகை சொல்வார்கள். பழச்சாறு தெளிவாக்கலுக்கு முதல் இரண்டு போதும். மைக்ரோஃபில்ட்ரேஷனில் துளை சுமார் 0.1 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும். கலங்கல் துகள், ஈஸ்ட், பாக்டீரியா நிற்கும், கரைந்த புரதம் தாண்டிப் போகும். அல்ட்ராஃபில்ட்ரேஷனில் துளை அதைவிடச் சிறியது. அதனால் அதை மைக்ரோமீட்டரில் சொல்லாமல், நிறுத்திவைக்கும் மூலக்கூறின் எடையில் சொல்வது வழக்கம், உதாரணமாக 1,00,000 டால்டன். பெரிய புரதங்களையும் பெரிய பெக்டின் துண்டுகளையும் பெருமளவுக்கு இது நிறுத்தும். 342 டால்டன் சுக்ரோஸுக்கு இந்தத் துளை ஒரு தடையே இல்லை.

தேர்வில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கே வருகிறது. "அல்ட்ராஃபில்ட்ரேஷனால் சாறு செறிவூட்டப்படுகிறது" என்று எழுதுகிறார்கள். சர்க்கரை இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கும். 12 பிரிக்ஸ் சாறு உள்ளே போனால் பெர்மியேட்டும் ஏறத்தாழ 12 பிரிக்ஸ்தான். பிரிக்ஸ் என்பது நூறு கிராமில் கரைந்திருக்கும் சர்க்கரை கிராம். சர்க்கரையை நிறுத்தி நீரை மட்டும் தள்ளுவது ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். அது செறிவூட்டும் முறை. அங்கே சர்க்கரையின் ஆஸ்மாட்டிக் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். 12 பிரிக்ஸ் சாற்றுக்கு அதுவே 15 பாருக்கு மேல். அல்ட்ராஃபில்ட்ரேஷனில் இரு பக்கமும் சர்க்கரை சமமாக இருப்பதால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. சில பார் அழுத்தம் போதும் என்பதற்குக் காரணம் அதுதான்.

### குறுக்கோட்டம்

துணியில் கழுநீரை ஊற்றியது போலச் சாற்றைச் சவ்வின்மேல் நேராக அழுத்தினால் சிறிது நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். எனவே சாற்றைச் சவ்வுக்கு இணையாக, நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். அழுத்தத்தால் ஒரு பகுதி பக்கவாட்டில் ஊடுருவும். மீதி படிந்ததை அரித்துக்கொண்டே ஓடித் திரும்பத் தொட்டிக்கு வரும். இதற்குப் பெயர் குறுக்கோட்ட வடிகட்டல், அதாவது கிராஸ்ஃப்ளோ.

குழாயின் இரு முனைகளிலும் அழுத்தம் வேறுவேறாக இருப்பதால் சராசரி எடுக்க வேண்டும். நுழைவில் 3.0 பார், வெளியேற்றத்தில் 1.4 பார், பெர்மியேட் பக்கம் 0.2 பார் என்றால்:

```
TMP = (3.0 + 1.4)/2 − 0.2 = 2.0 bar
```

சவ்வுக்கு இரு பக்கமும் உள்ள இந்த அழுத்த வேறுபாடுதான் சாற்றைத் தள்ளும் விசை. இதில் நுழைவையும் வெளியேற்றத்தையும் கழித்துவிடுபவர்கள் உண்டு. அது குழாயில் ஓடுவதால் ஏற்படும் அழுத்த இழப்பு, வேறு விஷயம்.

### ஃப்ளக்ஸ் ஏன் இறங்குகிறது

ஒரு சதுர மீட்டர் சவ்வில் ஒரு மணி நேரத்தில் வரும் பெர்மியேட் அளவு ஃப்ளக்ஸ்.

```
J = ΔP / [ μ (Rm + Rf) ]
```

`ΔP` மேலே கண்ட அழுத்த வேறுபாடு, `Rm` சவ்வின் சொந்தத் தடை, `Rf` அதன் மேலும் உள்ளும் படிந்ததன் தடை. ஒரு கணக்கு. புதுச் சவ்வில் 50 டிகிரியில் 2 பார் அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் ஃப்ளக்ஸ் 400 லிட்டர். அதே நிலையில் சாறு விட்டால் 60 லிட்டர். சாற்றின் பாகுத்தன்மை தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. படிவின் தடை எவ்வளவு?

பாகுத்தன்மையால் மட்டும் ஃப்ளக்ஸ் 400/1.5 = 267 ஆகியிருக்க வேண்டும். ஆனால் கிடைப்பது 60. எனவே மொத்தத் தடை, சவ்வின் தடையைப் போல 267/60 = 4.45 மடங்கு. சவ்வுக்கு உரிய 1-ஐக் கழித்தால் படிவின் தடை 3.45 மடங்கு. விலை கொடுத்து வாங்கிய சவ்வைவிட அதன்மேல் சும்மா வந்து உட்கார்ந்த படலம் மூன்று மடங்குக்கு மேல் தடுக்கிறது. துணிமேல் மாவு என்று சொன்னது இதைத்தான்.

அப்படியானால் அழுத்தத்தை 4 பாராக்கினால் ஃப்ளக்ஸ் 120 ஆகுமா? ஆகாது. தள்ளும் விசை கூடும்போது அதிகப் பெக்டினும் புரதமும் சவ்வை நோக்கி வருகின்றன. அவை ஊடுருவ முடியாமல் மேற்பரப்பில் குவிகின்றன. இந்தக் குவிதலுக்குக் கான்சென்ட்ரேஷன் போலரைசேஷன் என்று பெயர். செறிவு ஓர் எல்லையைத் தொட்டதும் அது ஜெல் படலமாகிவிடும். அதற்குப் பின் அழுத்தம் கூடக் கூடப் படலம் தடிக்கும். ஃப்ளக்ஸ் ஏறாமல் நிற்கும். அந்த நிலையின் சமன்பாட்டில் அழுத்தம் என்ற உறுப்பே இருக்காது:

```
J = k ln(Cg / Cb)
```

`Cg` ஜெல்லாகும் செறிவு, `Cb` ஓடும் சாற்றில் உள்ள செறிவு, `k` மேற்பரப்பில் குவிந்தது ஓட்டத்துக்குத் திரும்பும் வேகம். ஃப்ளக்ஸைக் கூட்ட என்ன செய்யலாம் என்பதை இதிலிருந்தே எழுதலாம். ஓட்ட வேகத்தையோ வெப்பத்தையோ கூட்டினால் `k` கூடும். முன்கூட்டியே பெக்டினை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் பெருந்துகளை எடுத்துவிட்டால் `Cb` குறையும். என்சைம், சென்ட்ரிஃபியூஜ், சவ்வு என்ற வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதற்கான விடை இந்தச் சின்னச் சமன்பாட்டுக்குள் இருக்கிறது.

போலரைசேஷன் வேறு, ஃபவுலிங் வேறு. அழுத்தத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஓடவிட்டால் போய்விடுவது போலரைசேஷன். போகாமல் துளைக்குள் அடைத்தோ ஒட்டியோ கிடப்பது ஃபவுலிங். அதற்கு வெதுவெதுப்பான காரக் கரைசல் போன்றவற்றால் கழுவ வேண்டும். கழுவியது சரியா என்பதற்கும் ஒரே சோதனைதான்: மறுபடி அதே வெப்பத்தில், அதே அழுத்தத்தில் தண்ணீர் விட்டு, புதுச் சவ்வின் 400 லிட்டருக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்ப்பது. 250-லேயே நின்றால் துளைக்குள் இன்னும் சரக்கு இருக்கிறது.

இதுவரை வந்தது: சவ்வு அளவை வைத்துப் பிரிக்கிறது, அடர்த்தியைப் பார்ப்பதில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது சவ்வைவிட அதன் மேலுள்ள படலம். படலத்தைக் கட்டுப்படுத்துவது அழுத்தம் அல்ல, ஓட்டமும் முன்தயாரிப்பும்.

## 10,000 லிட்டர் சாறு: ஒரு முழுக் கணக்கு

என்சைம் முடிந்த 12 பிரிக்ஸ் சாறு 10,000 லிட்டர். நான்கு மணி நேரத்தில் 20 மடங்கு சுருக்க வேண்டும், அதாவது ரிடென்டேட் 500 லிட்டர் மட்டும் மிஞ்ச வேண்டும். சராசரி ஃப்ளக்ஸ் 60. எவ்வளவு சவ்வு வேண்டும்?

பெர்மியேட் 9,500 லிட்டர். மணிக்கு 2,375 லிட்டர். 60-ஆல் வகுத்தால் 39.6, ஆக 40 சதுர மீட்டர். சராசரி என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் ஃப்ளக்ஸ் இதைவிட அதிகமாகவும், `Cb` ஏறிய கடைசி ஒரு மணி நேரத்தில் மிகக் குறைவாகவும் இருக்கும். தொடக்க ஃப்ளக்ஸை வைத்துச் சவ்வு வாங்கினால் நான்கு மணி நேர வேலை ஆறு மணி நேரம் இழுக்கும்.

மிஞ்சிய 500 லிட்டர் கெட்டிக் குழம்பிலும் 12 பிரிக்ஸ் சர்க்கரை இருக்கிறது. சுமார் 60 கிலோ. அதைக் கொட்ட மனம் வராது. எனவே தண்ணீரை ஊற்றிக்கொண்டே வடிகட்டலைத் தொடர்கிறார்கள். டயாஃபில்ட்ரேஷன் என்பது இதுதான். அளவு குறையாதபடி 500 லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அதே அளவு பெர்மியேட்டை எடுத்தால், உள்ளே 37 சதவீதச் சர்க்கரைதான் மிஞ்சும். இன்னொரு 500 லிட்டரில் 14 சதவீதம். கிடைப்பது நீர்த்த சாறு. அதை ஆவியாக்கிக்கு அனுப்ப வேண்டும், ஆக நீரைச் சேர்க்கச் சேர்க்க எரிபொருள் செலவு ஏறும். எங்கே நிறுத்துவது என்பது சர்க்கரையின் விலைக்கும் நீராவியின் விலைக்கும் நடுவே போடும் கணக்கு.

## எல்லாச் சாறும் தெளிய வேண்டியதில்லை

ஆரஞ்சுச் சாற்றுக்குக் கலங்கல்தான் அழகு. அங்கே பழத்திலேயே உள்ள பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற என்சைம், பெக்டினைச் சாற்றின் கால்சியத்தோடு சேரவைத்துத் தானாகவே படியச் செய்துவிடும். அதைத் தடுக்கச் சூடாக்கி என்சைமைச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஆப்பிளுக்கு என்சைம் சேர்ப்பதும் ஆரஞ்சுக்கு என்சைமைக் கொல்வதும் ஒரே பெக்டினை வைத்துத்தான். மாம்பழச் சாற்றிலும் தசை இருந்தாக வேண்டும். அங்கே சென்ட்ரிஃபியூஜ் வந்தால் நார், தோல் துணுக்கை எடுக்கத்தான்.

## பாட்டிலில் திரும்பி வரும் கலங்கல்

சவ்விலிருந்து வரும்போது பளிச்சென்று இருந்த ஆப்பிள் சாறு, சில வாரங்கள் கழித்துப் பாட்டிலில் மங்கலாவது உண்டு. "சவ்வு கிழிந்திருக்கும்" என்று எழுதுவது அவசர விடை. சவ்வு கிழிந்தால் அன்றைக்கே கலங்கல் மானி காட்டிக்கொடுத்துவிடும். ஒளிச்சிதறலை அளக்கும் அந்தக் கருவியில் நல்ல தெளிந்த சாறு சுமார் 1 என்.டி.யு. அளவில் நிற்கும், கிழிந்த சவ்வில் எண் ஒரேயடியாக ஏறும்.

தாமதமாக வரும் கலங்கலுக்குக் காரணம், துளைகளின் வழியே சட்டப்படி போன சிறிய மூலக்கூறுகள். பாலிஃபினால்கள் சில நூறு டால்டன் எடையுள்ளவை. சர்க்கரையோடு சேர்ந்தே தாண்டிவிடும். பாட்டிலில் ஆக்சிஜனும் நேரமும் கிடைத்தால் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி, மிச்சமுள்ள கொஞ்சப் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு துகளாகும். அரைகுறையாக உடைந்த ஸ்டார்ச்சும் இதே வேலையைச் செய்யும், குறிப்பாகக் கான்சென்ட்ரேட்டைக் குளிரில் வைக்கும்போது.

எது காரணம் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. படிந்ததைப் பிரித்தெடுத்து அயோடின் விட்டால் ஸ்டார்ச்சு நீலமாகும். சாற்றில் ஆல்கஹால் சோதனை செய்தால் பெக்டின் மிச்சம் தெரியும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் பாலிஃபினால் பக்கம் போக வேண்டும். முதல் இரண்டுக்கும் மருந்து, என்சைமுக்கு இன்னும் நேரம் கொடுப்பது. மூன்றாவதற்குச் சவ்வுக்கு முன் ஜெலட்டின் ஃபைனிங், அல்லது பாலிஃபினாலை ஈர்த்துப் பிடிக்கும் பிவிபிபி போன்ற பொருள். சிறிய துளையுள்ள சவ்வுக்கு மாறலாமே என்றால், பாலிஃபினாலை நிறுத்தும் அளவுக்குத் துளை சிறுத்தால் சர்க்கரையும் நின்றுவிடும். அப்புறம் வெளியே வருவது சாறாக இருக்காது.